இலையில் எது எங்கே, எவ்வளவு: ஒரு சித்திரை விருந்தை வைத்து அறுசுவைக் கணக்கு

முதன்முதலாக நானே பட்டியல் போட்டு, நானே சமைத்து, எட்டுப் பேருக்கு இலை போட்டது ஒரு சித்திரை முதல் நாள். பதின்மூன்று பண்டங்கள். ஒன்றும் கருகவில்லை, ஒன்றிலும் உப்பு தப்பவில்லை. சாப்பிட்டு முடித்த பெரியம்மா கை கழுவிக்கொண்டே, "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரே சாமானைப் பதிமூணு தடவை சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். பாராட்டா திட்டா என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அவரே எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அறுசுவை என்றதும் பலரும் ஆறு சுவைக்கு ஆறு பண்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. ஒரே பண்டத்தில் இரண்டு மூன்று சுவை இருக்கும். சாம்பாரில் புளிப்பு, உப்பு, காரம் மூன்றும் உண்டு, வெங்காயமும் பருப்பும் கொஞ்சம் இனிப்பையும் கொண்டுவரும். அதனால் எண்ண வேண்டியது பண்டங்களை அல்ல, ஒரு சுவை எத்தனை இடத்தில் வருகிறது, எது ஒரு இடத்தில்கூட வரவில்லை என்பதை.

பெயர்களை முதலில் சரியாக வைத்துக்கொள்வோம். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு. உவர்ப்பு என்றால் உப்பு. கார்ப்பு என்றால் காரம், தென்மாவட்டங்களில் உறைப்பு. கைப்பு என்றால் கசப்பு. புத்தகத்தில் படிக்கும்போது கார்ப்பும் கைப்பும் இடம் மாறித் தெரிவது சகஜம். குழப்பம் உண்மையில் துவர்ப்பில்தான். பலர் அதைக் கசப்பு என்றே நினைக்கிறார்கள். ஒரு வாழைப்பூ மடலுக்குள் இருக்கும் பூவைப் பச்சையாக மென்று பாருங்கள், நாக்கு கசக்காது, வாய் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வறண்டுபோன மாதிரி ஆகும். பிஞ்சு மாதுளைத் தோல், காயாக இருக்கும் வாழைப்பழம், கொட்டைப்பாக்கு எல்லாவற்றிலும் அதே இழுப்புதான். இவற்றில் இருக்கும் டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் எச்சிலின் வழவழப்பு போய்விடுகிறது, அதைத்தான் துவர்ப்பு என்கிறோம். இன்றைய அறிவியல் கணக்கில் இது நாக்கின் சுவை அல்ல, தொடு உணர்வு. காரமும் அப்படியே, அது சூட்டையும் எரிச்சலையும் அறியும் நரம்பு தரும் செய்தி. ஆனால் சமைப்பவருக்கு அந்தப் பிரிவினை தேவையில்லை. வாயில் தனியாகத் தெரிகிறதா, அப்படியானால் அது கணக்கில் உண்டு.

சரி, ஆறையும் சம அளவில் வைத்தால் சமநிலை வந்துவிடுமா? வராது. பெரியம்மா சொன்ன முதல் விதி, எந்தச் சுவை எவ்வளவு சீக்கிரம் வாயைப் பிடிக்கிறதோ அந்த அளவுக்கு அது இலையில் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான். சோறும் பருப்பும் மெல்லிய இனிப்பு, அதனால் அவைதான் குவியல். குழம்பின் புளிப்பு கரண்டிக் கணக்கு. ஊறுகாய் அரை டீஸ்பூன். கசப்பு ஒரு சிட்டிகை. துவர்ப்புக்கு ஒரு கறி போதும், இரண்டு வைத்தால் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இலை போடும் முறையை இந்த விதியோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும். விருந்துக்குத் தலைவாழை இலை, அதாவது நுனியோடு இருக்கும் இலை. நுனி சாப்பிடுபவரின் இடது கைப்பக்கம், அகலமான பக்கம் வலது. வலது கையால் சோற்றைப் பிசைய இடம் வேண்டும், அதனால் அகலம் அங்கே. குறுகிய இடது பக்கத்தில் கை அதிகம் புரளாது, தொட்டுக்கொள்ளும் சின்னச் சின்னச் சங்கதிகள் அங்கே கலையாமல் இருக்கும். நடு நரம்பு இலையை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரிக்கிறது. மேல்பாதியில் தொடுகறிகள், கீழ்ப்பாதியில் சோறு.

மேல்பாதியில் இடது நுனியிலிருந்து வந்தால் உப்பு, ஊறுகாய், பச்சடிகள், அப்புறம் வலது பக்கம் போகப் போகக் கறி, கூட்டு, அவியல் என்று அளவு பெரிதாகிக்கொண்டே போகும். அதாவது கூர்மையான சுவை குறுகிய இடத்தில் துளியாகவும், மென்மையான சுவை அகலமான இடத்தில் கரண்டியாகவும் விழுகிறது. இலையின் வடிவமே அளவுக்கரண்டி மாதிரி வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றும். கீழ்ப்பாதியில் இடது பக்கம் வடை, அப்பளம், பழம். நடுவில் சோறு. வலது கீழ் மூலையில் முதலில் ஒரு டீஸ்பூன் பாயசம். வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் இதில் ஒன்றிரண்டு இடம் மாறும். சில வீடுகளில் இலையில் உப்பே வைக்க மாட்டார்கள். நாஞ்சில் நாட்டுப் பக்கம் போனால் இஞ்சிப் பச்சடிக்கு நுனியில் ஒரு இடம் உண்டு. அதையெல்லாம் பிழை என்று சொல்ல வேண்டியதில்லை, துளி இடது பக்கம், குவியல் வலது பக்கம் என்ற அடிப்படை மாறாமல் இருந்தால் சரி.

இலையில் இன்னொரு விஷயம் யாரும் சொல்லித் தருவதில்லை. நடு நரம்பு அடிப்பக்கம் புடைத்திருப்பதால், தரையில் போட்டாலும் மேசையில் போட்டாலும் இலையின் கீழ்ப்பாதி சாப்பிடுபவரை நோக்கிச் சரியும். ரசம் மடியில் வழிவது பரிமாறுபவரின் தப்பு மட்டுமல்ல, அந்தச் சரிவும்தான் காரணம். அதனால்தான் சோற்றில் குழி செய்து, நம் பக்கமாகக் கரை கொஞ்சம் உயரமாகக் கட்டிக்கொண்டு ரசம் வாங்குகிறோம். தயிர்ப் பச்சடி நீர்த்துப் போயிருந்தாலும் இதே கதைதான், மேல்பாதியிலிருந்து நரம்பின் பள்ளத்தில் இறங்கி அது வழியாகவே ஓடி, பக்கத்தில் இருக்கும் பொரியலை நனைத்துவிடும். வெள்ளரிக்காயைத் துருவி உப்புப் போட்டுப் பிழிந்த பிறகு கெட்டித் தயிரில் கலப்பதும், பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்பு மட்டுமே கலப்பதும் இதற்காகத்தான்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். நான் போட்டது இது: பருப்பும் நெய்யும், மாங்காய் போட்ட முருங்கைக்காய் சாம்பார், தக்காளி ரசம், வெல்லம் போட்ட மாங்காய்ப் பச்சடி, வெள்ளரித் தயிர்ப் பச்சடி, மாங்காய் ஊறுகாய், அவியல், தேங்காய் அரைத்த பூசணிக் கூட்டு, தேங்காய் தூவிய பீன்ஸ் பொரியல், தேங்காய்ப்பால் பாயசம், மெதுவடை, அப்பளம், கடைசியில் தயிர். பச்சடியில் வேப்பம்பூ போட வேண்டும் என்று தெரியும், குழந்தைகள் முகம் சுளிப்பார்களே என்று விட்டுவிட்டேன்.

பெரியம்மா ஒரு தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதில் தூக்கலாகத் தெரியும் சுவையை எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் அவர் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புளிப்பு ஏழு இடத்தில் இருந்தது: சாம்பார், ரசம், இரண்டு பச்சடி, ஊறுகாய், அவியல், தயிர். அதில் மூன்றில் ஒரே மாங்காய். தேங்காயின் கொழுத்த இனிப்பு நாலு இடத்தில். கசப்பு எங்குமே இல்லை. துவர்ப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. காரம் ஊறுகாயிலும் ரசத்திலும் மட்டும். பாதிச் சாப்பாட்டில் எல்லாருக்கும் திகட்டியதற்குக் காரணம் பாயசம் இல்லை, தேங்காய். நான் பாயசத்தில் சர்க்கரை கூடிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் அதே பதின்மூன்று இடத்தில் சிலதை மட்டும் மாற்றினோம். சாம்பாரிலிருந்து மாங்காயை எடுத்து, வெறும் முருங்கைக்காய் சாம்பார் ஆக்கினோம். தக்காளி ரசத்துக்குப் பதில் புளி குறைத்த மிளகு ரசம், காரத்துக்கு ஒரு தனி இடம் கிடைத்தது. மாங்காய் ஊறுகாய்க்குப் பதில் நாரத்தங்காய் ஊறுகாய், அதில் புளிப்போடு ஒரு கசப்பும் வரும். பூசணிக் கூட்டை எடுத்துவிட்டு உருளைக்கிழங்கு காரக்கறி. பீன்ஸை எடுத்துவிட்டு வாழைப்பூ பருப்பு உசிலி, துவர்ப்புக்கு. தேங்காய்ப்பால் பாயசத்துக்குப் பதில் சேமியாப் பால் பாயசம். கடைசியில் தயிருக்குப் பதில் இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப்போட்ட மோர். தேங்காய் அவியலில் மட்டும் மிஞ்சியது, அதனால் அவியல் அவியலாகத் தெரிந்தது. பச்சடியில் வேப்பம்பூ திரும்பி வந்தது.

பாயசத்தில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. எனக்குப் பிடித்தது பாசிப்பருப்புப் பாயசம். ஆனால் உசிலியில் துவரம்பருப்பு, இலையில் பருப்பு, சாம்பாரில் பருப்பு, வடையில் உளுந்து என்று ஏற்கெனவே நாலு இடத்தில் பருப்பு வந்துவிட்டது, ஐந்தாவதாகப் பாயசத்திலும் போட்டால் சுவை மாறினாலும் வயிறு மந்தமாகிவிடும். ஆமவடைக்குப் பதில் மெதுவடை வைத்ததும் அதனால்தான். சுவைக்கணக்கு போட்ட பிறகு, அதே தாளில் தேங்காய், பருப்பு, புளி, தயிர் நாலும் எத்தனை முறை வருகின்றன என்று இரண்டாவதாக ஒரு தடவை எண்ணிப் பார்ப்பது நல்லது.

கசப்புக்கு ஏன் பாகற்காய் வைக்கவில்லை என்று கேட்கலாம். பல வீடுகளில் பாகற்காய் திவசச் சமையலோடு சேர்ந்தது, சுப விருந்தில் சேர்க்க மாட்டார்கள். அந்த வழக்கம் இல்லாத வீட்டில் தாராளமாக வைக்கலாம், ஆனால் கறியாக ஒரு கரண்டி கசப்பு என்பது விருந்துக்குக் கொஞ்சம் அதிகம் என்பதுதான் என் எண்ணம். சித்திரைக்கு வேப்பம்பூ இருக்கிறது. மாங்காயும் வேப்பம்பூவும் ஒரே பருவத்தில் கிடைப்பதால் இந்தப் பச்சடி அந்த நாளோடு ஒட்டிக்கொண்டது. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் யுகாதிக்கு இதே சேர்க்கையில் தங்கள் வகைகளைச் செய்கிறார்கள்.

ஆறு சுவையையும் ஒரே கரண்டியில் பார்க்க வேண்டுமானால் இந்தப் பச்சடிதான் பாடம், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். எட்டுப் பேருக்குச் சுமார் 300 கிராம் எடையுள்ள ஒரு மாங்காய் போதும், நன்றாகப் புளிக்கும் காயாக இருக்க வேண்டும். தோலைச் சீவாமல் துண்டு போடுங்கள், தோலில்தான் துவர்ப்பு. சிட்டிகை மஞ்சள்தூளும் கால் டீஸ்பூன் உப்பும் போட்டு, துண்டுகள் மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவிடுங்கள். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும், அதற்குப் பிறகுதான் வெல்லம். இந்த இடத்தில்தான் புதிதாகச் செய்பவர்கள் தவறுவார்கள்: காய் வேகும் முன் வெல்லத்தைப் போட்டால் துண்டு அப்படியே விறைத்துக்கொள்ளும், எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாது. பொடித்த வெல்லம் 150 கிராமில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம், காயின் புளிப்பைப் பொறுத்து 200 கிராம் வரைகூடப் பிடிக்கும். வெல்லத்தில் மண் இருக்கும், தனியாகக் கரைத்து வடிகட்டி ஊற்றுவது நல்லது. தேன் பதத்துக்குக் கொஞ்சம் முன்பே இறக்கிவிடுங்கள், ஆறினால் இன்னும் கெட்டியாகும். கடுகும் இரண்டு மிளகாய் வற்றலும் தாளித்துக் கொட்டினால் காரமும் வந்துவிட்டது.

வேப்பம்பூ கடைசியில். காய்ந்த பூ ஒன்றரை டீஸ்பூன், நெய்யில் சின்னத் தீயில் கருஞ்சிவப்பாக வறுத்து, இலையில் பரிமாறப் போகும்போது மேலே தூவ வேண்டும். கொதிக்கும் பச்சடியில் போட்டுவிட்டால் கசப்பு முழுவதும் இறங்கி, இனிப்பையும் புளிப்பையும் மூடிவிடும். தூவினால் அப்படி ஆகாது, ஒரு வாயில் கசக்கும், அடுத்த வாயில் கசக்காது, அந்த ஏற்ற இறக்கம்தான் அதன் ருசி. பூ கறுத்துவிட்டால் கருகல் வாசம்தான் மிஞ்சும், கொட்டிவிட்டு வேறு வறுக்க வேண்டியதுதான். வீட்டில் வேப்பமரம் இருந்தால் பங்குனியில் அடியில் பழைய வேட்டியை விரித்து வைத்து, விழும் பூவைக் காயவைத்துக்கொள்ளலாம். இலைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பச்சடி போதும். குழந்தைகளுக்குப் பூ இல்லாமல் வைத்து, ஒரே ஒரு பூவை ஓரத்தில் போட்டோம். இரண்டு பேர் தின்றார்கள், ஒருத்தி துப்பினாள்.

வாழைப்பூவில் நேர் எதிரான தவறு நடக்கும். ஒவ்வொரு பூவிலும் நடுவில் குண்டூசி மாதிரி தலையோடு இருக்கும் கள்ளனையும், கண்ணாடித் தாள் மாதிரி இருக்கும் சிறு மடலையும் எடுத்துவிட்டு, நறுக்கியதைக் கறுக்காமல் இருக்க மோர் கலந்த தண்ணீரில் போடுவோம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். துவர்ப்பு போகட்டும் என்று இரண்டு மூன்று முறை வேகவைத்து வடித்துக் கொட்டினால், போகக் கூடாதது போய்விடும், வைக்கோலை மெல்வது மாதிரிதான் இருக்கும். அந்தத் துவர்ப்புக்காகத்தானே அதை இலையில் வைக்கிறோம்! ஒரு முறை உப்பும் மஞ்சளும் போட்டு அரைவேக்காடாக வேகவைத்துப் பிழிந்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறிய துவரம்பருப்பை மிளகாய் வற்றல், உப்பு, பெருங்காயத்தோடு கொரகொரப்பாக அரைத்து ஆவியில் வேகவைத்து உதிர்த்து, பூவோடு சேர்த்து எண்ணெயில் பிரட்டினால் உசிலி. பருப்பை நைசாக அரைத்துவிட்டால் உதிராது, களிமாதிரி ஆகும்.

உப்பைப் பற்றியும் ஒன்று. சோற்றில் நாம் உப்புப் போடுவதில்லை. அதனால் குழம்பையும் ரசத்தையும் கரண்டியில் தனியாக ருசி பார்த்து உப்புச் சரி என்று முடிவு செய்தால், சோற்றில் பிசையும்போது சப்பென்று இருக்கும். தனியாகக் குடித்தால் அரை மடங்கு தூக்கலாகத் தெரிய வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி சோற்றில் பிசைந்து பாருங்கள். கறி, கூட்டில் அப்படி வேண்டாம், அவை தனியாகவே வாய்க்குப் போகின்றன.

இலையில் இடம் ஒரு பாதி என்றால், வரிசை மறுபாதி. ஆயுர்வேதத்தில் முதலில் இனிப்பு, நடுவில் புளிப்பும் உப்பும், பின்னால் மற்ற சுவைகள் என்று ஒரு முறை சொல்லியிருக்கிறது. நம் பந்தி ஏறக்குறைய அதே வழியில் போகிறது. ஆட்கள் உட்காரும் முன்பே தொடுகறிகள் இலையில் இருக்கும். உட்கார்ந்ததும் அந்த ஒரு டீஸ்பூன் பாயசம் நாக்குக்கு. பிறகு சோறு, பருப்பு, நெய், இதில் எந்தக் கூர்மையும் கிடையாது. அடுத்து சாம்பாரில் புளிப்பு வருகிறது. ரசத்தில் பருப்பின் கனம் குறைந்து மிளகும் சீரகமும் மேலே வருகின்றன. அதாவது குழம்பு நீர்த்துக்கொண்டே போக, காரம் கூர்மையாகிக்கொண்டே போகிறது. அந்தக் காரத்தின் மேல் இப்போது பாயசம் முழுக்கரண்டியாக விழும்போது, அதே சேமியாப் பாயசம் முதலில் தொட்டதைவிட இரட்டிப்பு இனிப்பாகத் தெரியும். மோர்ச்சோறு வந்து அந்தப் பிசுபிசுப்பைக் கழுவிவிடும். அப்போது நாரத்தங்காய் ஊறுகாய்க்கு வேலை வருகிறது, அதனால் ஊறுகாயை ஆரம்பத்திலேயே தின்று தீர்த்துவிடாதீர்கள். எல்லாம் முடிந்து வெற்றிலையின் காரமும் பாக்கின் துவர்ப்பும். இலையில் துவர்ப்புக் கறி அமையாத நாளிலும் அந்தக் குறையைப் பாக்கு கடைசியில் ஓரளவு சரிக்கட்டிவிடும்.

பரிமாறுபவர் செய்யும் இரண்டு தவறுகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, அப்பளத்தை முதலிலேயே வைத்துவிடுவது. சாம்பார் வருவதற்குள் அது நமுத்துவிடும், சோறு விழுந்த பிறகு வைப்பதே சரி. இரண்டாவது, இனிப்புப் பச்சடியையும் தயிர்ப் பச்சடியையும் ஒட்டி ஒட்டி வைப்பது. இரண்டும் கலந்தால் இரண்டுமே போச்சு. இடையில் இரண்டு விரல் அகலம் விட்டு, அல்லது நடுவில் கெட்டியான ஏதாவது ஒரு கறியை வைத்துவிட்டால் கவலை இல்லை.

இரண்டாவது வருஷம் எல்லாரும் எழுந்த பிறகு பெரியம்மா நேராக இலைகளைப் பார்க்கப் போனார். எதை எத்தனை பேர் மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவருடைய வழக்கம், வாயால் சொல்வதை அவர் நம்ப மாட்டார். போன வருஷம் ஆறு இலைகளில் கூட்டு அப்படியே கிடந்தது. இந்த முறை மூன்று இலைகளில் அவியல் பாதி, ஒன்றில் துப்பிய வேப்பம்பூ. "அவியல்ல தயிரைக் கொஞ்சம் குறை" என்றார். உசிலி எந்த இலையிலும் இல்லை.